நீராவிக் குழாய் இல்லாமல் பால் நுரை: பிரெஞ்ச் பிரஸ், வெப்பமானி, பிறகு தாவரப் பால்கள்

கரண்டியால் அள்ளினால் திட்டாக நிற்காமல் பாலோடு சேர்ந்து வழியும் நுரைதான் லாட்டேவுக்கு வேண்டும். கேப்புச்சினோவுக்கு அதே நுரை இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தால் போதும். கடை இயந்திரத்தில் நீராவிக் குழாய் இந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. வீட்டில் அது இல்லாதவர்கள் என்ன செய்யலாம் என்று பார்க்கப்போய், கடைசியில் கையில் நின்றது, தண்டில் கோத்த வலைத்தட்டை அழுத்திக் காபி வடிக்கும் ஒரு சின்ன பிரெஞ்ச் பிரஸ்ஸும் ஊசி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானியும்தான். பசும்பாலுக்கு முறை சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. சோயாவும் ஓட்ஸும்தான் ஆட்டம் காட்டின.

வைத்திருந்தவை இவ்வளவுதான்: 350 மில்லி பிரெஞ்ச் பிரஸ், பேட்டரியில் சுழலும் கை நுரைப்பான், அடிகனமான சின்னப் பாத்திரம், சமையலறைத் தராசு, வெப்பமானி. காபிக்கு, அடுப்பில் வைத்து இறக்கும் மோக்கா பாட். இதில் தவிர்க்கவே முடியாதது வெப்பமானி. பிரெஞ்ச் பிரஸ் இல்லையென்றால் மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடியில் குளிர்ந்த பாலைக் குலுக்கிக்கூட ஒப்பேற்றலாம். வெப்பநிலையை மட்டும் கண்ணால் ஊகிக்க முடியாது. பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வரத் தொடங்கும்போது நிறுத்தினால் போதும் என்று முதலில் நினைத்திருந்தேன். வெப்பமானியை விட்டுப் பார்த்தால் அந்த நேரத்தில் பால் 75 டிகிரியைத் தாண்டியிருந்தது.

முதலில் எடுத்தது கை நுரைப்பான். விலை குறைவு, கழுவுவது சுலபம், நுரையும் நிமிடத்துக்குள் பொங்கி வருகிறது. ஆனால் அந்த நுரையை உற்றுப் பார்த்தால் குமிழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். கோப்பையில் ஊற்றும்போது முதலில் தண்ணியாகப் பால் மட்டும் விழும். நுரை பாத்திரத்திலேயே நின்றுவிடும். கரண்டியால் வழித்துப் போட்டால் மேலே தொப்பி போல உட்கார்ந்து, சில நிமிடங்களில் பொத்துப் பொத்தென்று உடைந்துவிடும். காரணம் எளிது. சுழலும் அந்தக் கம்பிச்சுருள் காற்றை உள்ளே இழுக்கிறது. ஆனால் இழுத்த பெரிய குமிழ்களைச் சிறிதாக நறுக்க அதற்குப் போதிய வலு இல்லை. பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, முதல் சில நொடிகள் மேற்பரப்புக்கு அருகிலும் பிறகு அடியில் ஆழ்த்தியும் சுழற்றினால் ஓரளவு மேம்படுகிறது. கேப்புச்சினோவுக்கு ஒப்புக்கொள்ளலாம், லாட்டேவுக்கு ஆகாது.

பிரெஞ்ச் பிரஸ்ஸில் கதையே வேறு. அதன் வலைத்தட்டு பால் முழுவதையும் ஒவ்வொரு இழுப்பிலும் நுண்ணிய துளைகள் வழியாகத் தள்ளுகிறது. பெரிய குமிழ் எதுவும் அதில் தப்புவதில்லை.

செய்யும் விதம் இது. 150 கிராம் குளிர்ந்த பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில், விடாமல் கிளறிக்கொண்டே 62 டிகிரி வரை சூடாக்க வேண்டும். கிளறாவிட்டால் அடியில் 70, மேலே 55 என்று இருக்கும். வெப்பமானி எந்த இடத்தில் நிற்கிறதோ அதைத்தான் காட்டும். தீயை 58லேயே அணைத்துவிடுவது நல்லது. பாத்திரத்தின் சூடு மீதி நான்கு டிகிரியை ஏற்றிவிடும். மெல்லிய பாத்திரமாக இருந்தால் அந்த ஏற்றம் குறையும். உங்கள் பாத்திரம் எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொண்டால் போதும். இதற்குள் பிரெஞ்ச் பிரஸ்ஸில் கொதிநீர் ஊற்றி, அதைச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, பாலை மாற்ற வேண்டும்.

பிரஸ் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. நுரைக்கு இடம் வேண்டும் என்பது ஒன்று. வேகமாக அழுத்தும்போது சூடான பால் மூக்கு வழியாகப் பீச்சிக்கொண்டு கைமேல் தெறிக்கும் என்பது இன்னொன்று. மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் மற்றக் கையால் தண்டை இயக்க வேண்டும்.

இயக்குவதிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் வலைத்தட்டு பாலின் மேற்பரப்பைவிட்டு வெளியே வந்து, மறுபடி உள்ளே போகும்படி வேகமான இழுப்புகள். காற்று உள்ளே போவது இந்த நேரத்தில்தான். பாலின் மட்டம் போதிய அளவு உயர்ந்ததும் தட்டை வெளியே எடுக்காமல், நுரைக்கு அடியிலேயே வைத்துச் சின்னச் சின்ன இழுப்புகள். புதுக் காற்று உள்ளே வராது. ஏற்கெனவே இருக்கும் குமிழ்கள் நறுங்கிக்கொண்டே போகும். இந்த இரண்டாம் கட்டத்தை விட்டுவிட்டு வெறுமனே மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தால் பிரஸ் நிறையக் கெட்டி நுரை வரும். அதைக் கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

போதிய அளவு என்றால் எவ்வளவு? இதற்காகக் கண்ணாடியின் வெளியே காகித நாடாவை ஒட்டி மூன்று கோடுகள் போட்டேன். தண்ணீரை அளந்து ஊற்றிப் போட்ட கோடுகள்: 150, 190, 225 மில்லி. லாட்டே என்றால் 190 கோட்டை எட்டியதும் முதல் கட்டத்தை நிறுத்துகிறேன். கேப்புச்சினோ என்றால் 225, அதாவது பால் ஒன்றரை மடங்கானதும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் காற்றின் அளவு மட்டும்தான். வெப்பநிலையும் பாலும் இழுக்கும் முறையும் ஒன்றே. இந்த நாடாக் கோடுகள் வந்த பிறகு ஒரு நாள் கெட்டி, மறுநாள் தண்ணி என்ற பேச்சே இல்லை.

அடித்து முடித்ததும் பிரஸ்ஸின் அடியை மேசைமேல் துணி விரித்து இரண்டு மூன்று தடவை தட்டினால் தப்பித்த பெரிய குமிழ்கள் உடையும். பிறகு வட்டமாகச் சுழற்ற வேண்டும். நுரையின் மேற்பரப்பு மங்கலாக இல்லாமல், புதிதாக அடித்த பெயின்ட் போல மினுங்கினால் சரியாக வந்திருக்கிறது என்று பொருள். உடனே ஊற்ற வேண்டும். அரை நிமிடம் தாமதித்தாலே பால் கீழும் நுரை மேலுமாகப் பிரியத் தொடங்கும்.

இனி வெப்பநிலை. 62 என்ற எண் எங்கிருந்து வந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு 55 முதல் 65 டிகிரி வரை. அதற்குள்ளும் வெளியிலும் வெவ்வேறு சூட்டில் அதே பாலை அடித்துச் சுவைத்துப் பார்த்தேன். 50 டிகிரியில் நுரை மென்மையாக நன்றாகவே வருகிறது. ஆனால் காபியில் கலந்து வாயில் வைக்கும்போது பானம் ஆறிப்போனதாகத் தோன்றும். 60ஐ ஒட்டி இனிப்பு நன்றாகத் தெரிகிறது. சர்க்கரை எதுவும் சேர்க்காமலே இனிப்பது பாலில் இருக்கும் லாக்டோஸால். சூட்டில் லாக்டோஸின் அளவு கூடுவதில்லை. வெதுவெதுப்பில் நாக்கு அதை நன்றாக உணர்கிறது, அவ்வளவே. 70ஐத் தாண்டினால் காய்ச்சிய பாலின் வாசனை தலைதூக்கும். இன்னும் ஏறினால் லேசான கந்தக நெடி. மோர்ப் புரதங்கள் சூட்டில் அவிழ்ந்து தம் கந்தகச் சேர்மங்களை வெளியே விடுவதால் வருவது அது. நுரையைத் தாங்கிப் பிடிப்பதில் அந்தப் புரதங்களுக்கும் பங்கு உண்டு. ஒருமுறை 70க்கு மேல் போன பாலை ஆறவைத்து மறுபடி அடித்தால் முதல் தடவை வந்த தரம் வருவதில்லை. மிச்சப் பாலைச் சூடாக்கி மீண்டும் நுரைக்கும் ஆசை வேண்டாம்.

கீழ்ப்பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர் பால் நுரைக்கும். 60 டிகிரிப் பாலும் நுரைக்கும். இடையில் வெதுவெதுப்பாக, 20 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும் முழுக் கொழுப்புப் பால் சோர்ந்துபோகும். அந்தச் சூட்டில் பால் கொழுப்பு பாதி உருகியும் பாதி உறைந்தும் இருக்கிறது. அந்த அரைகுறைக் கொழுப்புத் துளிகள் குமிழின் சுவரைக் குத்தி உடைக்கின்றன. 40க்கு மேல் கொழுப்பு முழுக்க உருகிவிடுவதால் இந்தத் தொல்லை குறைந்துவிடும். கொழுப்பு நீக்கிய பாலில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை. நுரையும் நிறைய, விறைப்பாக வரும். ஆனால் வாயில் வெறும் காற்றாகக் கரைந்துவிடும். முழுக் கொழுப்புப் பாலின் வழவழப்பு அதில் கிடைக்காது.

62க்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: கோப்பை. 250 கிராம் எடையுள்ள பீங்கான் கோப்பை, சூட்டை விழுங்குவதில் ஏறத்தாழ 50 கிராம் தண்ணீருக்குச் சமம். அறை வெப்பத்தில் 25 டிகிரியில் இருக்கும் அந்தக் கோப்பையில் 70 டிகிரிக் காபி 30 கிராமும் 62 டிகிரிப் பால் 150 கிராமும் ஊற்றினால், கணக்குப்படி எல்லாம் சேர்ந்து 55 டிகிரியில் வந்து நிற்கும். கோப்பையை முன்கூட்டியே கொதிநீரால் சூடாக்கிவிட்டால் 60க்கு மேல் நிற்கும். 'பால் சூடு போதவில்லை' என்று தோன்றும்போது பாலை 70க்கு ஏற்றுவதைவிடக் கோப்பையைச் சூடாக்குவது நல்லது.

இந்த முறையெல்லாம் சரியாக இருந்தும் ஒரு நாள் நுரை நிற்கவே இல்லை. அடிக்கும்போது மட்டம் ஏறியது. நிறுத்தியதும் சிர்ரென்று மெல்லிய சத்தம். காதைக் கொஞ்சம் அருகில் கொண்டுபோனால் நன்றாகக் கேட்கும். குமிழ்கள் ஆயிரக்கணக்கில் உடைகிற சத்தம் அது. வெப்பமானியைச் சந்தேகித்தேன், பிரஸ்ஸைச் சந்தேகித்தேன். பாலைக் குடித்துப் பார்த்தால் குறை தெரியவில்லை. புதுப் பாக்கெட்டைத் திறந்து அதே முறையில் அடித்ததும் நுரை ஒழுங்காக வந்தது. பால் பழசாகும்போது கொழுப்பு சிதைந்து தனிக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிகிறது. அவை குமிழின் மேற்பரப்பிலிருந்து புரதத்தைத் தள்ளிவிட்டுத் தாம் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஆனால் சுவரைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லை. புளிப்பு நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே நுரையில் இது தெரிந்துவிடும். அந்தச் சிர்ர் சத்தம் கேட்டால் முதலில் பாலை மாற்றிப் பாருங்கள்.

நீராவிக் குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சூடும் காற்றும் ஒன்றாக நடப்பதால் வரிசை மாறும்: குளிர்ந்த பாலில் தொடங்கி, 37 டிகிரிக்குள் காற்றை ஏற்றி முடித்துவிட்டு, குழாய் முனையைச் சற்று உள்ளே ஆழ்த்திச் சுழலவிட்டு 60 அருகே நிறுத்த வேண்டும். நீராவி குளிர்ந்து பாலில் தண்ணீராகவும் சேர்கிறது. 200 கிராம் பாலை 5 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 18 கிராம் நீர் உள்ளே போகும். பிரஸ் முறையில் இந்த நீர் இல்லாததால் பால் கொஞ்சம் கனமாகவே சுவைக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இப்போது தாவரப் பால்கள். பசும்பாலுக்கு வைத்திருந்த 62 டிகிரி, 190 கோடு இரண்டையும் அப்படியே சோயாப் பாலுக்குப் போட்டேன். நுரை என்னவோ அருமையாக வந்தது. சோயாப் பாலில் புரதம் 100 மில்லிக்கு 3 கிராம் சுமாருக்கு இருக்கும், பசும்பாலுக்கு அருகில். காபியில் ஊற்றியதும்தான் விஷயம் தெரிந்தது. நுரைக்கு அடியில் வெண்துகள்கள் திரண்டு, காபி தெளிவாகப் பிரிந்து ஓடியது. பால் திரிந்துவிட்டது.

அமிலத்தைக் காட்டும் pH அளவில் எண் குறையக் குறைய அமிலம் கூடும். சோயாப் புரதம் pH 4.5ஐ ஒட்டிய அளவில் கரைசலிலிருந்து பிரிந்து திரளக்கூடியது. கறுப்புக் காபி 5ஐ ஒட்டி இருக்கும். பால் கலந்ததும் கலவை அந்த எல்லைக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். ஆனாலும் சூடு அதிகமாக இருந்தால் அதற்கு முன்பே திரண்டுவிடும். கால்சியம் சேர்த்த சோயாப் பாலில் இன்னும் சீக்கிரம். ஆகவே கையில் இருக்கும் பிடிகள் இரண்டு: சூட்டைக் குறைப்பது, அமிலத்தைக் குறைப்பது.

சூட்டிலிருந்து தொடங்கினேன். பாலை 55லேயே நிறுத்தினேன். திரிதல் குறைந்தது, போகவில்லை. மோக்கா பாட்டிலிருந்து இறங்கிய காபியை உடனே பயன்படுத்தாமல் இரண்டு நிமிடம் ஆறவிட்டேன், இன்னும் குறைந்தது. பிறகு ஊற்றும் விதத்தை மாற்றினேன். பாலை ஒரேயடியாகச் சாய்க்காமல் முதலில் இரண்டு கரண்டிப் பாலைக் காபியில் விட்டுக் கலக்கி, அதன்பின் மெல்லிய தாரையாக மீதி. துகள் அநேகமாக நின்றது. முழுக்க நின்றது, புளிப்பு தூக்கலான இளவறுவல் கொட்டையைவிட்டுக் கருவறுவலுக்கு மாறியபோதுதான். கருவறுவலில் அமிலம் குறைவு. இளவறுவலைத்தான் குடிப்பேன் என்பவர்கள் சோயாவோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்னொரு வழி, பெட்டியின் பின்பக்கத்தைப் படிப்பது. காபிக்கென்றே செய்தது என்ற பொருளில் 'பாரிஸ்டா' என்று முன்னால் அச்சிட்டிருப்பதைவிட, பின்னால் சேர்பொருள் பட்டியலில் பொட்டாசியம் பாஸ்பேட் அல்லது அமிலச் சீராக்கி 340 என்று இருக்கிறதா என்று பார்ப்பதே உருப்படியானது. காபியின் அமிலத்தைத் தாங்குவதற்காகச் சேர்ப்பது அதுதான். சாதாரண சோயாப் பாலில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டாலும் திரிவது நிற்கும். ஆனால் சிட்டிகை கொஞ்சம் கூடினால் சோப்புச் சுவை வந்துவிடுகிறது. அதனால் அதை விட்டுவிட்டேன்.

ஓட்ஸ் பாலை வீட்டிலேயே அரைத்துப் பார்த்தேன். 50 கிராம் ஓட்ஸ், 400 மில்லி குளிர்ந்த நீர், மிக்ஸியில் அரை நிமிடம், துணியில் வடிகட்டல். குளிர்ந்த நிலையில் பார்க்கப் பால் மாதிரியே இருந்தது. பாத்திரத்தில் 50ஐத் தாண்டியதும் கரண்டி இழுக்கத் தொடங்கியது. 60க்குள் கொழகொழவென்று கஞ்சியாகிவிட்டது. பிரஸ் தண்டு கீழே இறங்கவே மறுத்தது. ஓட்ஸ் மாவுச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சி உப்பிக் கெட்டியாவது இது. குறைவாக அரைத்தாலும், இரண்டு முறை வடித்தாலும் கொஞ்சம் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. கடையில் விற்கும் ஓட்ஸ் பாலில் நொதிகளைக் கொண்டு அந்த மாவுச்சத்தை முன்பே சர்க்கரையாக உடைத்துவிடுகிறார்கள். சர்க்கரை சேர்க்காத பெட்டியிலும் ஓட்ஸ் பால் இனிப்பது அதனால்தான். வீட்டு ஓட்ஸ் பாலைக் குளிர்காபிக்கு வைத்துக்கொள்ளலாம். சூடான லாட்டேவுக்குப் பெட்டிப் பால்தான்.

பெட்டி ஓட்ஸ் பாலிலும் புரதம் 100 மில்லிக்கு 1 கிராம் சுமார்தான். அது நுரையைப் பிடிப்பது பெரும்பாலும் தன் இயல்பான பிசுபிசுப்பால். சேர்த்திருக்கும் எண்ணெய் வழவழப்பைத் தருகிறது. கொழுப்பு 3 கிராமை ஒட்டி இருக்கும் பெட்டியில் நுரை மினுங்கி, பசும்பாலுக்கு மிக நெருங்கி வருகிறது. 1 கிராம் இருக்கும் பெட்டியில் தண்ணி நுரை. திறப்பதற்கு முன் பெட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். எல்லாம் அடியில் படிந்திருக்கும். 55 முதல் 60 வரை போதும். காற்று சுலபமாக ஏறிவிடுவதால் 190 கோட்டைச் சீக்கிரமே தொட்டுவிடும். இழுப்பைக் குறைத்து இரண்டாம் கட்டத்தை நீட்டிக்கொள்கிறேன்.

பாதாம் பாலும் தேங்காய்ப் பாலும் என் கையில் உருப்படவில்லை. கடைப் பாதாம் பாலில் பாதாமே மிகக் குறைவு. புரதம் அரை கிராமை ஒட்டியது. நுரை எழும்பி உடனே அமுங்கிவிடும். சோயாவைப் போலவே புளிப்புக் காபியில் திரியவும் செய்யும். தேங்காய்ப் பாலில் கொழுப்பு உண்டு, நுரையைத் தாங்கப் புரதம் இல்லை. பெரிய குமிழ்கள் மேலே வந்து வெடித்துப் போகும், சுவை மட்டும் நன்றாக இருக்கும். அரிசிப் பாலில் நுரையை எதிர்பார்க்கவே வேண்டாம். பட்டாணிப் புரதப் பால் கிடைத்தால் முயலலாம்; புரதம் சோயா அளவுக்கு இருப்பதால் நுரை நன்றாக நிற்கிறது, பச்சைப் பட்டாணி வாசனை லேசாக வரும்.

மறுபடி வாங்குவதாக இருந்தால் இந்தக் கண்ணாடி பிரஸ்ஸுக்குப் பதில் இரட்டைச் சுவர் கொண்ட எஃகு பிரஸ் வாங்குவேன். கண்ணாடியில் அடித்து முடிப்பதற்குள் மூன்று நான்கு டிகிரி போய்விடுகிறது. எஃகில் கோடு போட்டுப் பார்க்க முடியாதுதான். ஒரு குச்சியில் அளவு குறித்து உள்ளே விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். குறுகலான பிரஸ்ஸாக இருப்பதும் முக்கியம். அகலமானதில் 100 கிராம் பால் ஊற்றினால் வலைத்தட்டுக்கு அடியில் ஆழமே இருக்காது. காற்றை மட்டும் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காபி வடிக்கும் பிரஸ்ஸை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. வலைத்தட்டின் மடிப்பில் ஒட்டியிருக்கும் காபி எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும், சரியாக அலசாத சோப்பும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் தட்டுகளைத் திருகிக் கழற்றி, வலையைத் தனியாகத் தேய்த்து, வெறும் சுடுநீரில் இரண்டு முறை அலசி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைத்தே உலர்த்துகிறேன்.